ஒரே கைப்பேசி, ஒரே கவுன்: எனக்கு வெள்ளை-தங்கம், அவருக்கு நீலம்-கறுப்பு. ஏன்?

செந்தூல் கவிதா · வெள்ளி, இரவு 10.50

வணக்கம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகன் ஒரு பழைய படத்தைக் காட்டினான். 2015 பிப்ரவரியில் உலகமே சண்டை போட்ட அந்தக் கவுன் படம்தான். அப்போது நான் பார்க்கவே இல்லை. இன்றைக்குத்தான் முதல் முறை.

எனக்கு அது வெள்ளைத் துணி, தங்க நிற லேஸ். சந்தேகமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் "நீலம், கறுப்பு லேஸ்" என்கிறார். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன், உண்மையாகத்தான் சொல்கிறார். என் தங்கை முதலில் என் கட்சி. பாத்திரம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தவள், "அக்கா, இப்ப நீலமா தெரியுது" என்று பயந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளால் வெள்ளைக்குத் திரும்ப முடியவில்லை.

உண்மையான கவுன் நீலம்-கறுப்பு என்று மகன் சொல்லிவிட்டான். எனக்கு வேண்டியது அந்தப் பதில் இல்லை. ஒரே கைப்பேசியை, ஒரே நேரத்தில், தோளோடு தோள் உட்கார்ந்து பார்த்தோம். எப்படி இரண்டு நிறம்? என் கண்ணில் ஏதும் கோளாறா?

---

பட்டர்வொர்த் முருகன் · வெள்ளி, இரவு 11.08

திரைதான் காரணம், சிஸ்டர். வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் வெள்ளை, குறைத்தால் நீலம். பழைய மடிக்கணினித் திரையை மேலும் கீழுமாகச் சாய்த்தால் படத்தின் நிறம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன். இரவு நேரத்தில் திரை மஞ்சளாகும் அமைப்பு இருந்தால் இன்னும் மோசம். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

---

செந்தூல் கவிதா · வெள்ளி, இரவு 11.15

அண்ணே, ஒரே திரை என்றுதான் சொன்னேன். இடம் மாறி உட்கார்ந்தும் பார்த்துவிட்டோம். அவருக்கு நீலம், எனக்கு வெள்ளை. அதில் மாற்றமே இல்லை.

---

வண்ணக்கூடம் மோகன் · சனி, காலை 7.20

கவிதா அக்கா, உங்கள் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. நான் ஷா ஆலமில் ஒரு சாயத் தொழிற்சாலையின் நிறச் சோதனைக்கூடத்தில் 19 வருடமாக வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் கொடுக்கும் துணித் துண்டுக்குச் சாயத்தைப் பொருத்துவதுதான் தினசரி வேலை. அதனால் இந்தப் படம் வந்த நாளிலிருந்து விடாமல் படித்துக்கொண்டு வருகிறேன்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் பென்சில் முனை அளவுக்கு ஓட்டை போடுங்கள். படத்தைப் பெரிதாக்கி, கவுனின் வெளிர்ப்பட்டை மட்டும் அந்த ஓட்டையில் தெரியும்படி வையுங்கள். மீதிப் படம் முழுக்கத் தாளுக்கு அடியில் மறைந்திருக்க வேண்டும். நீங்களும் கணவரும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் நிறத்தை எழுதுங்கள். பிறகு லேஸ் பட்டைக்கும் அதையே செய்யுங்கள். முடிவைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

---

லெபோ பசார் ராணி · சனி, காலை 9.45

மோகன் தம்பி நிறச் சோதனைக்கூடத்தில் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். ஜார்ஜ்டவுனில் சின்னதாகச் சேலைக்கடை வைத்திருக்கிறேன். புலனத்தில் படம் அனுப்பித்தான் பாதி வியாபாரம். கருநீலத்தில் கறுப்பு பார்டர் போட்ட ஒரு காட்டன் சேலையைப் படம் எடுத்து அனுப்பினேன். வாங்கியவர், "படத்தில் சாம்பல் வெள்ளையாக இருந்தது, நீங்கள் வேறு சேலையை அனுப்பிவிட்டீர்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். 185 ரிங்கிட் சேலை. ஏமாற்றுகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டார், மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இந்தக் கவுன் விஷயமும் இதுவும் ஒன்றா? எந்தக் கைப்பேசி வாங்கினால் நிறம் சரியாக விழும்?

---

செந்தூல் கவிதா · சனி, காலை 10.30

தாளில் ஓட்டை போட்டுப் பார்த்தோம். இரண்டு பேருமே முதல் பட்டைக்கு "வெளிர் நீலம்" என்று எழுதியிருக்கிறோம். அவர் கூடவே "கொஞ்சம் ஊதா கலந்தது" என்று சேர்த்திருக்கிறார். லேஸுக்கு நான் "பழுப்பு", அவர் "மண் நிறம்". இரண்டும் ஒன்றுதானே! தாளை எடுத்தவுடன் எனக்கு மறுபடி வெள்ளை-தங்கம், அவருக்கு நீலம்-கறுப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

---

வண்ணக்கூடம் மோகன் · சனி, காலை 11.40

ராணி அக்கா, உங்கள் சேலைக்குக் கட்டாயம் வருகிறேன். இரண்டும் நெருங்கிய உறவுதான்.

கவிதா அக்கா, இப்போது உங்களுக்கே தெரிந்துவிட்டது. உங்கள் இருவர் கண்ணிலும் விழுவது ஒரே வெளிர் நீலம், ஒரே பழுப்பு. பிரிவினை அதற்குப் பிறகு நடக்கிறது. கண்ணுக்கு வருவது துணியின் நிறம் மட்டும் அல்ல. துணியும் அதன்மேல் விழும் வெளிச்சமும் சேர்ந்த கலவைதான் வருகிறது. மூளை அதில் வெளிச்சத்தின் பங்கைக் கழித்துவிட்டு, மீதியைத் "துணியின் நிறம்" என்று நமக்குக் காட்டுகிறது.

தைப்பூசத்தன்று பத்துமலையில் வேட்டி கட்டியவரை நிழலில் நிற்க வைத்துப் படம் எடுங்கள். அந்த வேட்டியின் மேல் விழுவது பெரும்பாலும் வானத்து வெளிச்சம். படத்தில் வேட்டி இருக்கும் இடத்தின் நிறத்தை எண்ணாக எடுத்துப் பார்த்தால் நீலம் கூடுதலாக இருக்கும். ஆனால் நேரில் நின்ற யாரும் "நீல வேட்டி" என்று சொல்லமாட்டார்கள். அதே வேட்டி மாலையில் மஞ்சள் விளக்கின் கீழ் மஞ்சளாகத்தான் கண்ணில் விழுகிறது. அப்போதும் நமக்கு அது வெள்ளை வேட்டிதான். இந்தக் கழித்தல் சின்ன வயதிலிருந்தே நடப்பதால் நமக்குத் தெரிவதே இல்லை.

கழிப்பதற்கு வெளிச்சம் எது என்று தெரிய வேண்டும். அந்தப் படத்தில் அதுதான் தெரியவில்லை. கவுனைச் சுற்றி இறுக்கமாக எடுத்த படம். மனிதத் தோல் தெரியாது, வெள்ளை என்று நம்பக்கூடிய ஒரு பொருளும் இல்லை. வலது பக்கம் மேலே மட்டும் வெளிச்சம் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. அதைப் பார்த்து உங்கள் மூளை, "பின்னால் வெயில், கவுன் நிழலில் நிற்கிறது, நிழல் நீலமானது" என்று எடுத்துக்கொள்கிறது. நீலத்தைக் கழித்தால் வெளிர் நீலம் வெள்ளையாகும், பழுப்பு தங்கமாகும். உங்கள் கணவரின் மூளை, "கடை விளக்கின் மஞ்சள் வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் பளீரென்று விழுகிறது" என்று எடுத்துக்கொள்கிறது. மஞ்சளைக் கழித்தால் நீலம் இன்னும் ஆழமாகும், பழுப்பு கறுப்பாகும்.

---

பட்டர்வொர்த் முருகன் · சனி, மதியம் 12.15

நீலம் வெள்ளையாவது புரிகிறது. பழுப்பு எப்படிக் கறுப்பாகும்? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கறுப்பு என்றால் வெளிச்சமே வரக்கூடாது. படத்தில் லேஸ் நன்றாகப் பழுப்பாகத் தெரிகிறதே.

---

வண்ணக்கூடம் மோகன் · சனி, மதியம் 1.30

நல்ல கேள்வி, அண்ணே. கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

என்னிடம் இருக்கும் படத்தில் வெளிர்ப்பட்டையில் ஒரு புள்ளியை எடுத்தேன்: சிவப்பு 136, பச்சை 150, நீலம் 188. லேஸில் ஒரு புள்ளி: 110, 90, 60. வேறு இடத்தில் எடுத்தால் கொஞ்சம் மாறும், போக்கு இதுதான்.

இனி மனதில் ஒரு வெள்ளைத் தாளைக் கவுனுக்குப் பக்கத்தில் வையுங்கள். கவுன் நீல நிழலில் இருக்கிறது என்று கவிதா அக்கா மாதிரி எடுத்துக்கொண்டால், அந்தத் தாள் படத்தில் சுமார் 140, 153, 190 என்று விழுந்திருக்கும். கவுனின் 136, 150, 188 அதற்கு ஏறக்குறைய சமம். தாள் வெள்ளை என்றால் கவுனும் வெள்ளை. லேஸை அதே தாளோடு ஒப்பிட்டால் சிவப்பு ஐந்தில் நான்கு பங்கு, பச்சை ஐந்தில் மூன்று, நீலம் மூன்றில் ஒன்று. நீலம் குறைந்து சிவப்பும் பச்சையும் நின்றால் அது மஞ்சள் பழுப்பு. பளபளப்பும் சேர்ந்தால் தங்கம் என்கிறோம்.

கணவர் மாதிரி, பளீர் மஞ்சள் விளக்கு என்று எடுத்துக்கொண்டால் தாள் 255, 235, 190 என்று விழுந்திருக்கும். இப்போது கவுனில் சிவப்பு பாதி, பச்சை மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு, நீலம் மட்டும் ஏறக்குறைய முழுசு. அது நீலத் துணிதான். லேஸோ மூன்று நிறத்திலும் பாதிக்குக் கீழே.

பாதிக்குக் கீழே என்றால் சாம்பல்தானே, கறுப்பு எப்படி என்று கேட்பீர்கள். திரையின் எண்ணும் வெளிச்சத்தின் அளவும் நேர்விகிதம் அல்ல. 255-க்கு 110 என்பது பாதிக்குக் கிட்டே தெரிந்தாலும், வெளிச்ச அளவில் அது ஆறில் ஒரு பங்குதான். அதோடு இந்தப் படத்தில் வெளிச்சம் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது, அதில் கறுப்பும் மேலே தூக்கப்படும். லேஸ் கொஞ்சம் மினுமினுக்கும் நூல், எதிரே உள்ள மஞ்சள் விளக்கைத் திருப்பி அடிக்கும். பளபளக்கும் கறுப்புப் பையைக் கடை விளக்கின் கீழ் எடுத்தால் அங்கங்கே பழுப்பு அடிப்பது இதனால்தான்.

---

சுபாங் சுரேஷ் (கல்யாணப் படக்காரர்) · சனி, மாலை 4.05

நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். தப்பு முழுக்க கேமராவுடையது. வெள்ளைச் சமநிலை தவறிவிட்டது, வெளிச்சம் கூடிவிட்டது. தலைக்கு மேல் வெயிலும் பின்னால் சுவரும் இருக்கும்போது கைப்பேசி குழம்பும். இதையே முறையாக எடுத்திருந்தால் ஒருத்தரும் சண்டை போட்டிருக்கமாட்டார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் கூறைப்புடவை சிவப்பை நான் பிறகு திருத்தித்தான் கொடுக்கிறேன்.

---

வண்ணக்கூடம் மோகன் · சனி, மாலை 5.10

பாதி ஒப்புக்கொள்கிறேன், சுரேஷ். கேமரா சரியாக எடுத்திருந்தால் இந்தச் சண்டை பிறந்திருக்காது. ஆனால் தப்பான படம் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் ஆயிரக்கணக்கான படங்கள் நிறம் தவறி எடுக்கப்படுகின்றன, யாரும் இரண்டு கட்சியாகப் பிரிவதில்லை. இந்த ஒரு படத்தில் துணியின் நிறமும் வெளிச்சத்தின் நிறமும் ஒரே கோட்டில் வந்து விழுந்துவிட்டன. நீலம்-மஞ்சள் கோடு.

அந்தக் கோடு தற்செயல் இல்லை. பகல் வெளிச்சம் நாள் முழுக்க அதில்தான் நகர்கிறது: காலையிலும் மாலையிலும் மஞ்சள், நிழலில் நீலம். பச்சை வெயிலோ ஊதா வெயிலோ நாம் பார்த்ததில்லை. அதனால் ஒரு பொருள் லேசாக நீலமாக இருந்தால், "இது வெளிச்சத்தின் வேலையாக இருக்கலாம்" என்ற சந்தேகம் மூளைக்கு இயல்பாக வரும்.

நீங்கள் படம் திருத்துபவர், ஒன்று செய்து பாருங்கள். அந்தப் படத்தின் நிறத்தை மட்டும் நேர் எதிராகத் திருப்புங்கள். வெளிச்சமும் இருளும் அப்படியே இருக்கட்டும். நிறச்சாய்வை 180 பாகை சுற்றினால் கிட்டத்தட்ட அது வரும். பிறகு கவிதா அக்காவிடம் காட்டுங்கள்.

---

சுபாங் சுரேஷ் (கல்யாணப் படக்காரர்) · சனி, இரவு 8.30

செய்துவிட்டேன், இங்கே ஒட்டியிருக்கிறேன். என் வீட்டில் ஐந்து பேரிடம் காட்டினேன். பழைய படத்துக்கு மூன்று பேர் வெள்ளை, இரண்டு பேர் நீலம். திருப்பிய படத்துக்கு ஐந்து பேரும் "மஞ்சள் கவுன்" என்கிறார்கள். ஒருவர்கூட வெள்ளை என்று சொல்லவில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

---

செந்தூல் கவிதா · சனி, இரவு 8.52

எங்கள் வீட்டிலும் மூன்று பேருக்கும் மஞ்சள்தான்! முதல் முறையாக அவரும் நானும் ஒரே கட்சி.

---

வண்ணக்கூடம் மோகன் · சனி, இரவு 9.40

அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் வெப்ஸ்டர் குழுவினர் இதைத்தான் 2015-இல் மாணவர்களை வைத்துச் செய்தார்கள். நீலம் மஞ்சளானவுடன் கருத்து வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதே அளவு வெளிர் மஞ்சளை நாம் துணியின் சொந்த நிறம் என்று ஏற்றுக்கொள்கிறோம். வெளிர் நீலத்தை மட்டும் வெளிச்சத்தின் கணக்கில் எழுதத் தயாராக இருக்கிறோம். சிவப்பு அல்லது பச்சைக் கவுனாக இருந்திருந்தால் அது ஒரு சாதாரணக் கல்யாணப் படமாகவே போயிருக்கும்.

இன்னொரு குழு, கான்வே என்பவருடையது, அதே கவுனைக் கணினியில் வெட்டி எடுத்து ஒரு பெண் அணிந்திருப்பதுபோல் வைத்தது. அந்தப் பெண்ணின் தோலையும் பின்புறத்தையும் ஒரு படத்தில் நீல வெளிச்சத்திலும் இன்னொன்றில் மஞ்சள் வெளிச்சத்திலும் காட்டினார்கள். கவுனின் புள்ளிகளில் மாற்றமே இல்லை. நீல வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தபோது பெரும்பாலோர் வெள்ளை-தங்கம் என்றார்கள், மஞ்சளில் நீலம்-கறுப்பு என்றார்கள். வெளிச்சம் எது என்று தெரிந்தால் சண்டை இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று நான் பார்க்கவில்லை.

---

ஆயர் ஈத்தாம் ஆசிரியர் · ஞாயிறு, காலை 8.15

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நான், வயது 71. மோகன் சொல்வது கவனமாகப் படிக்கத் தக்கது. என் அனுபவத்தை முன்வைக்கிறேன். 2015-இல் பேரன் காட்டியபோது எனக்கு வெள்ளை-தங்கம். அப்போது இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. பின்னர் இரு கண்களுக்கும் அறுவை செய்துகொண்டேன். முதல் சில வாரங்கள் உலகமே நீலம் பூசியதுபோல் இருந்தது. சுவரும் சட்டையும் வானமும் எல்லாமே. அந்த நாளில் நினைவு வந்து கவுனைப் பார்த்தேன். நீலம் தெரியும் என்று உறுதியாக எதிர்பார்த்தேன். வெள்ளை-தங்கமாகவே இருந்தது. கண்ணுக்குள் புகுந்த வெளிச்சம் மாறியும் முடிவு மாறவில்லை. ஏன்?

---

வண்ணக்கூடம் மோகன் · ஞாயிறு, காலை 10.05

ஐயா, வணக்கம். உங்கள் அனுபவம் மிகப் பயனுள்ளது. வயதாகும்போது கண்ணின் வில்லை மஞ்சளாகி நீல வெளிச்சத்தைத் தடுக்கும். புரையை எடுத்தவுடன் நீலம் தாராளமாக உள்ளே வரும். அந்த மாற்றத்தை மூளை சில மாதங்களில் சரிசெய்துகொள்ளும் என்பது தெரிந்த விஷயம்.

உங்களுக்கு ஏன் மாறவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் நினைப்பது இது: அறுவைக்குப் பிறகு கவுன் மட்டும் நீலமாகவில்லை, சுற்றியுள்ள எல்லாமே நீலமானது. எல்லாம் சேர்ந்து நீலமானால், அதை வெளிச்சத்தின் மேல் போட்டுக் கழிப்பதுதான் மூளையின் வழக்கம். அதோடு ஒரு தடவை ஒரு விதமாகப் பார்த்த படத்தை மறுபடி அப்படியே பார்க்கும் பழக்கமும் வலுவானது. கவிதா அக்காவின் தங்கை மாதிரி மாறுகிறவர்கள் உண்டு, ஆனால் குறைவு.

---

நைட் ஷிப்ட் யோகி · ஞாயிறு, மதியம் 2.30

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆறு வருடமாக இரவு வேலை. காலையில் எழுந்து பகல் வெளிச்சத்தில் வாழ்கிறவர்களுக்கு வெள்ளை தெரியும், இரவில் விழித்து விளக்கில் வாழ்கிறவர்களுக்கு நீலம் தெரியும் என்று எங்கேயோ படித்தேன். அப்படியானால் நான் நீலம் பார்க்க வேண்டும். எனக்குச் சுத்தமான வெள்ளை-தங்கம். அப்போ அந்த ஆராய்ச்சி பொய்தானே, அண்ணே?

---

வண்ணக்கூடம் மோகன் · ஞாயிறு, மாலை 4.20

பொய் இல்லை, தங்கச்சி. நீங்கள் சொல்வது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வாலிஷ் என்பவர் 2017-இல் வெளியிட்டது. 13,000 பேருக்கு மேல் கேட்டிருக்கிறார். அதில் வலுவான முடிவு தூக்கத்தைப் பற்றியது அல்ல. "கவுன் நிழலில் இருக்கிறது" என்று நினைத்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு வெள்ளை-தங்கம் தெரிந்தது. நிழலில் இல்லை என்றவர்களில் பாதிப் பேருக்குத்தான் தெரிந்தது. விடியலில் எழுகிறவர்களுக்கு வெள்ளை சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததும் உண்மை, ஆனால் அந்த வித்தியாசம் சின்னது. கூட்டமாக எண்ணினால்தான் தெரியும், ஒரு ஆளைப் பார்த்து ஊகிக்க முடியாது. மேலும் அவர் கேட்டது உடம்பின் இயல்பான தூக்கப் பழக்கத்தை, வேலை நேரத்தை அல்ல. லீவு நாளில் நீங்கள் எப்போது எழுவீர்கள்?

---

நைட் ஷிப்ட் யோகி · ஞாயிறு, மாலை 4.45

ஆறு மணிக்கே எழுந்துவிடுவேன், படுக்கவே முடியாது. ஆனாலும் ஆறு வருட விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையா? எனக்கு இது முழுக்கச் சரியாகப் படவில்லை.

---

வண்ணக்கூடம் மோகன் · ஞாயிறு, மாலை 5.30

சரியாகப் படாமல் இருப்பது நியாயம்தான். எந்த மூளை ஏன் நிழல் பக்கம் சாய்கிறது, எந்த மூளை ஏன் விளக்குப் பக்கம் சாய்கிறது என்பது இன்னும் தீராத கேள்வி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில் மரபணுவின் பங்கு மூன்றில் ஒன்று அளவுக்குத்தான் வந்தது. கான்வே குழு 1,401 பேரிடம் கேட்டபோது 57 விழுக்காடு நீலம்-கறுப்பு, 30 விழுக்காடு வெள்ளை-தங்கம், 11 விழுக்காடு நீலம்-பழுப்பு என்றார்கள். வயதானவர்களும் பெண்களும் வெள்ளைப் பக்கம் சற்றுக் கூடுதல்.

அது இரண்டு தெளிவான கட்சியா என்பதிலேயே ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியில் கீசன் நகரத்தில் கேகன்பர்ட்னர் குழு, "வெள்ளையா நீலமா" என்று வாயால் கேட்காமல், திரையில் ஒரு வட்டத்தின் நிறத்தைக் கவுனுக்குப் பொருத்தச் சொன்னது. என் வேலையும் அதே பொருத்தல் என்பதால் எனக்கு இந்த முறை மேல் மதிப்பு அதிகம். அங்கே ஆட்கள் பொருத்திய நிறங்கள் ஒரே தொடராகப் பரவின. வெள்ளை என்றவர்களும் கொஞ்சம் நீலம் கலந்த வெளிர் நிறத்தைத்தான் வைத்தார்கள். பேச்சில் வெள்ளை, நீலம் என்று இரண்டு சொல் இருப்பதால் நாம் இரண்டு கூட்டமாகிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றும். கான்வே தரப்பு இல்லை, உண்மையிலேயே இரண்டு குவியல் உண்டு என்கிறது.

---

லெபோ பசார் ராணி · ஞாயிறு, இரவு 9.10

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் சேலையை மறந்துவிடாதீர்கள், தம்பி.

---

வண்ணக்கூடம் மோகன் · ஞாயிறு, இரவு 9.55

மன்னியுங்கள் அக்கா. அந்தச் சேலையை எங்கே தொங்கவிட்டுப் படம் எடுத்தீர்கள்? சேலைக்குப் பின்னால் என்ன இருந்தது?

---

லெபோ பசார் ராணி · ஞாயிறு, இரவு 10.02

கடை வாசல் அஞ்சடியில், கம்பியில் மாட்டி. நான் கடைக்குள் நின்று எடுத்தேன். சேலைக்குப் பின்னால் தெரு, நல்ல வெயில்.

---

வண்ணக்கூடம் மோகன் · ஞாயிறு, இரவு 10.30

அந்தக் கவுன் படமும் ஏறக்குறைய இதே கதைதான், அக்கா. இங்கிலாந்தில் ஒரு துணிக்கடையில் மணப்பெண்ணின் தாயார் கவுனைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் நடந்த கல்யாணத்துக்கு உடுத்த. பின்புறம் பளீர் வெளிச்சம், சட்டத்துக்குள் துணி மட்டும். மகளுக்கும் மாப்பிள்ளைக்குமே வேறு நிறம் தெரிந்தது. அங்கேதான் சண்டை ஆரம்பம்.

புதுக் கைப்பேசி வேண்டாம். வெயிலுக்கு எதிராக எடுக்காதீர்கள். நீங்கள் தெருப்பக்கம் நின்று, வெளிச்சம் சேலையின் முகத்தில் விழும்படி எடுங்கள். சேலை மடிப்பின் மேல் ஒரு சாதாரண வெள்ளைத் தாளை வையுங்கள், உங்கள் கையும் சட்டத்துக்குள் வரட்டும். தாளும் தோலும் தெரிந்தால் பார்க்கிறவரின் மூளைக்கு வெளிச்சத்தைக் கழிக்க ஒரு பிடி கிடைக்கும். கவுன் படத்தில் இல்லாதது அந்தப் பிடிதான். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், வெள்ளைத் தாள் வெளுத்துக் கரைந்துபோகாத அளவுக்கு.

---

லெபோ பசார் ராணி · செவ்வாய், மதியம் 12.40

திருப்பி வந்த அதே சேலையைத் தாளோடும் கையோடும் எடுத்து, பழைய படத்தையும் புதியதையும் எட்டுப் பேருக்கு அனுப்பினேன். பழையதுக்கு மூன்று பேர் "சாம்பல்" என்றார்கள், ஒருவர் "வெள்ளையா?" என்று கேட்டார். புதியதுக்கு எட்டுப் பேருமே நீலம். வாங்கியவருக்கும் அனுப்பினேன். "நான் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன்" என்று எழுதினார். சேலையைத் திரும்ப வாங்கவில்லை, ஆனாலும் எனக்குப் போதும்.

ஆனால் மயில்கழுத்துப் பட்டு ஒன்றையும் அப்படியே எடுத்தேன். அதில் தாள் வைத்தும் குழப்பம். ஒருவர் பச்சை என்கிறார், ஒருவர் நீலம் என்கிறார், ஒருவர் ஊதா என்கிறார்.

---

வண்ணக்கூடம் மோகன் · செவ்வாய், மாலை 6.15

அது வேறு விஷயம், அக்கா. மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். சேலையைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்து ஒரு நூல் முன்னே வரும், மற்றது பின்னே போகும். அங்கே கண்ணுக்கு வரும் வெளிச்சமே மாறுகிறது, தாள் அதைக் காப்பாற்றாது. ஒரு படம் போதாது. மடிப்பை அசைத்துக் காட்டும் சின்னக் காணொளி அனுப்புங்கள்.

---

செந்தூல் கவிதா · செவ்வாய், இரவு 10.20

இன்று தங்கையிடம் படத்தின் வலது மேல் மூலையை விரலால் மறைத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு கவுனை மறைத்து அந்த வெளுத்த மூலையை மட்டும் கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னேன். "பின்னால் வெயில் அடிக்குது, நீ அஞ்சடி நிழல்ல நிக்கிறே" என்று சொல்லிக்கொண்டே விரலை எடுத்தேன். மூன்றாவது தடவை அவளுக்கு வெள்ளை வந்துவிட்டது, பத்து விநாடி இருக்கும். பிறகு மறுபடி நீலம். அவர் இருபது தடவை முயன்றுவிட்டார், அவருக்கு அசையவே இல்லை. எனக்கும் நீலம் வரவில்லை. நாளை பகலில் மஞ்சள் விளக்கின் கீழ் வைத்து முயன்றுவிட்டுச் சொல்கிறேன்.